ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள்: சேமநிதி, நஷ்டஈடு, எதை என்ன செய்வது?

12 பிப்ரவரி 2025, இரவு 9.40
தராசுக் கிராணி

மலேசியாவில் பீடோங் பக்கத்துத் தோட்டம். பெயர் வேண்டாம். செம்பனை மில்லில் லோரி எடை போடும் தராசில் கிராணியாக இருக்கிறேன், வயது 41. வேலையில் சேர்ந்தது 2013 அக்டோபர் 1. மில்லை மூடப் போகிறார்கள், நிலத்தில் வீடமைப்பு வரப்போகிறதாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் கையில் கடிதம் கொடுத்தார்கள். 8 வாரம் நோட்டீஸ், கடைசி நாள் ஏப்ரல் 7.

கடிதத்தோடு ஒரு கணக்குத் தாளும் இருக்கிறது. வேலை நிறுத்த நஷ்டஈடு 5,100 வெள்ளி என்று போட்டிருக்கிறது. மறுபக்கம் ஆபீசில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "21ஆம் தேதிக்குள் ராஜினாமா எழுதிக் கொடு, 6,000 வெள்ளி உடனே தருகிறோம், நல்ல சர்டிபிகேட்டும் தருகிறோம்" என்கிறார். 6,000 என்பது 5,100ஐ விட அதிகம்தானே என்று வீட்டில் பேச்சு. சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி வேலை பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் உறுதியில்லை.

கேள்வி இரண்டு. ராஜினாமா எழுதலாமா? வேலை மாறும்போது சேமநிதியில், அதாவது இ.பி.எஃப்.இல், இருக்கும் பணத்தை என்ன செய்ய வேண்டும், புது கம்பெனிக்கு மாற்ற வேண்டுமா, எடுக்கலாமா?

12 பிப்ரவரி, இரவு 10.15
எஸ்.பி. பையன்

அண்ணே, வேலையை விட்டு 2 மாதம் சும்மா இருந்தால் பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துவிடலாம். 5 வருடத்துக்கு முன்னால் எடுத்தால்தான் வரி. உங்களுக்கு 11 வருடம், கவலையே இல்லை. கிராஜுவிட்டியும் 5 வருடம் தாண்டினால் கட்டாயம் கொடுக்க வேண்டும், சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கணும். நேற்றுதான் ஒரு வீடியோ பார்த்தேன், தமிழில் தெளிவாகச் சொல்கிறார்.

13 பிப்ரவரி, காலை 6.50
பென்ஷன் மங்கை

தம்பி, நீ பார்த்தது தமிழ்நாட்டு வீடியோ. அவர் சொன்னது அந்த ஊர் சட்டம், அங்கே சரி. தமிழில் பி.எஃப். என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் அந்த ஊர்தான், அதனால் நம்ம ஆட்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். என் சொந்தத் தங்கை மகனே அந்தப் பாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

நம்ம ஊரில் வேலையை விட்டதற்காக மட்டும் சேமநிதியை எடுக்க முடியாது. மாற்றவும் ஒன்றும் இல்லை. உறுப்பினர் எண் ஒன்றுதான், சாகும் வரை அதே எண். புது முதலாளி அதே எண்ணில் கட்டுவார். கிராஜுவிட்டியும் இங்கே தனியார் வேலைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. நியமனக் கடிதத்திலோ யூனியன் ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால்தான் உண்டு. கிராணி தம்பி, உன் நியமனக் கடிதத்தை எடுத்து அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்.

ராஜினாமா பற்றி மாலையில் எழுதுகிறேன். அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

13 பிப்ரவரி, மதியம் 1.05
கூலிம் ராஜா

ராஜினாமாவோ நோட்டீசோ, கடைசியில் காசுதான். அதிகம் தருகிறவனிடம் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். உங்கள் தோட்டம் கொஞ்ச வருடம் முன்னால் கை மாறியதாகக் கேள்விப்பட்டேன். புது முதலாளி வந்த நாளிலிருந்துதான் சர்வீஸ் கணக்கு. அதனால் 5,100 சரியாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் பாருங்கள், ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தது. அப்படிப் போட்டார்களா என்று கேளுங்கள்.

13 பிப்ரவரி, இரவு 8.30
பென்ஷன் மங்கை

32 வருடம் லேபர் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். ராஜா சொன்னதில் பாதி தப்பு, அந்தப் பாதிதான் இந்தத் தம்பிக்குப் பல ஆயிரம் வெள்ளி.

முதலில் ராஜினாமா. நீயாக விலகினால் நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை இழப்பு உதவியும் போய்விடும், அதுவும் தானாக விலகியவருக்குக் கிடையாது. 6,000 வெள்ளியை வைத்து இரண்டு கதவையும் மூடப் பார்க்கிறார்கள்.

அடுத்தது சர்வீஸ். 1980ஆம் வருட நஷ்டஈட்டு விதிகளில் வியாபாரம் கை மாறுவதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, எட்டாவது விதி. புது முதலாளி பழைய வேலையை அதற்குக் குறையாத நிபந்தனையில் கொடுத்து, தொழிலாளியும் தொடர்ந்து வேலை செய்தால், பழைய முதலாளியிடம் செய்த காலமும் சேர்ந்தே எண்ணப்படும். இடையில் அறுபடாது. தோட்டம் எட்டுத் தடவை கை மாறினாலும் அப்படித்தான்.

இப்போது நீ எனக்கு மூன்று பதில் சொல்ல வேண்டும். எந்த வருடம் கை மாறியது? அன்றைக்குப் பழைய முதலாளி நஷ்டஈடு என்று ஏதாவது கொடுத்தாரா? கடைசி 12 மாதம் மொத்தச் சம்பளம் எவ்வளவு?

14 பிப்ரவரி, இரவு 7.55
தராசுக் கிராணி

அக்கா, 2021 ஜனவரி 2ஆம் தேதி கை மாறியது. ஆபீஸ் ஆட்களுக்கும் மில் ஆட்களுக்கும் ஒரு காசும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனேன், சனிக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், சட்டையில் இருந்த எழுத்து மட்டும்தான் மாறியது. புது நியமனக் கடிதமும் தரவில்லை. கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டினேன், 29,200 வருகிறது.

நியமனக் கடிதத்தையும் பார்த்தேன். கிராஜுவிட்டி என்ற வார்த்தையே இல்லை. எங்கள் அப்பா இருந்த காலத்தில் நீண்ட சேவைக்கு ஏதோ கொடுத்ததாக ஞாபகம், ஆனால் அது என் கடிதத்தில் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

14 பிப்ரவரி, இரவு 9.20
பென்ஷன் மங்கை

சரி, கணக்கைப் பார். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பதால் இந்த விதி உனக்குப் பொருந்தும். 2 வருடத்துக்குக் குறைந்த சர்வீசுக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2இலிருந்து 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள்.

ஒரு நாள் சம்பளம் இங்கே 26ஆல் வகுப்பதில்லை. ராஜா, அது லீவுக்கும் ஓவர்டைமுக்கும் போடும் கணக்கு. நஷ்டஈட்டுக்குக் கடைசி 12 மாதத்தின் உண்மையான தினசரிச் சராசரி. எங்கள் ஆபீசில் வருடச் சம்பளத்தை 365ஆல்தான் வகுப்போம். 29,200ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு 80 வெள்ளி.

அவர்கள் போட்டது: 2021 ஜனவரியிலிருந்து 4 வருடம் 3 மாதம், அதனால் 15 நாள். 80 பெருக்கல் 15, வருடத்துக்கு 1,200. நாலேகால் வருடத்துக்கு 5,100. கணக்கில் தப்பில்லை, தொடக்கத் தேதிதான் தப்பு.

நியாயமானது: 2013 அக்டோபரிலிருந்து 11 வருடம் 6 மாதம், அதனால் 20 நாள். 80 பெருக்கல் 20, வருடத்துக்கு 1,600. பதினொன்றரை வருடத்துக்கு 18,400 வெள்ளி.

ஒரு தேதி மாறியதில் வருடமும் குறைந்தது, நாளும் குறைந்தது. அதனால்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம்.

14 பிப்ரவரி, இரவு 9.35
கூலிம் ராஜா

அக்கா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் கம்பெனி மாறியபோது எல்லாருக்கும் செட்டில் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

14 பிப்ரவரி, இரவு 9.50
பென்ஷன் மங்கை

உங்கள் இடத்தில் செட்டில் செய்ததால் புதிதாக எண்ணியது சரி. அதனால்தான் தம்பியிடம் அன்றைக்கு ஏதாவது வாங்கினாயா என்று கேட்டேன்.

15 பிப்ரவரி, காலை 11.10
மூன்றாம் டிவிஷன் அம்மா

கிராணி தம்பி, நான் யாரென்று உனக்குத் தெரியும், மூன்றாம் டிவிஷன் லயத்தில் இருக்கிறேன். உரம் போடும் வேலை, 2009இலிருந்து. எங்களையும் ஏப்ரலில் நிறுத்துகிறார்கள். கை மாறிய வருடம் வெளிக்காட்டு ஆட்கள் எல்லாருக்கும் 1,500 வெள்ளி கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாள் மலாயில் இருந்தது. தீபாவளிப் பணம் மாதிரி என்று மண்டோர் சொன்னார், நாங்களும் போட்டோம். இப்போது மங்கை அக்கா சொல்வதைப் படித்ததும் வயிறு கலங்குகிறது. அந்த 1,500தான் நஷ்டஈடா?

15 பிப்ரவரி, மதியம் 12.40
பென்ஷன் மங்கை

அம்மா, தாளைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். 2009இலிருந்து 2020 வரை உங்களுக்கு முறையாகக் கணக்குப் போட்டால் 1,500க்கு மேல் எவ்வளவோ வரும், அதனால் அதை முழு நஷ்டஈடு என்று சொல்வது சுலபமில்லை. ஆனால் தாளில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு எழுதிக் கொடுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

16 பிப்ரவரி, மாலை 5.00
கோப்பேங் சித்தப்பா

எனக்கும் இதே பிரச்சினை. வயது 57, 55இல் இ.பி.எஃப். எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இப்போது கம்பெனி மாறுகிறேன். இரண்டு வருடமாகக் கட்டிய பணத்தை எடுக்கலாம் என்று போனால் கவுண்டரில் முடியாது என்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

16 பிப்ரவரி, மாலை 6.25
பென்ஷன் மங்கை

சித்தப்பா, இது வேறு விஷயம். 55க்குப் பிறகு வரும் சந்தா அக்காவுன் ஏமாஸ் என்ற தனிக் கணக்கில் போகிறது, அது 60இல்தான் திறக்கும். கம்பெனி மாறினாலும் அப்படித்தான். ஆனால் 55இல் நீங்கள் எடுக்காமல் விட்ட மிச்சம் ஏதாவது இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

23 பிப்ரவரி, இரவு 10.30
தராசுக் கிராணி

21ஆம் தேதி போய்விட்டது, கையெழுத்துப் போடவில்லை. என்னோடு மில்லில் இருந்த நால்வரில் ஒருவர் போட்டுவிட்டார். அவருக்கு மகள் கல்யாணம், கையில் காசு வேண்டியிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு வேறொரு வேலை செய்தேன், அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், நீங்களும் செய்ய வேண்டும் என்பதற்காக. காலையில் பீடோங் காப்பிக்கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு பக்கம் சம்பளச் சீட்டுகள், ஒரு பக்கம் கைப்பேசியில் சேமநிதியின் ஐ-அக்காவுன். சந்தா வரலாற்றைத் திறந்து மாதம் மாதமாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். சீட்டில் என் பங்கு 11 சதவீதம் பிடித்திருக்கிறது, முதலாளி பங்கு 13. இரண்டும் அதே மாதத்துக்கு ஐ-அக்காவுனில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் வரை எல்லாம் சரி. டிசம்பர் இல்லை. ஜனவரியும் இல்லை. சீட்டில் இரண்டு மாதமும் 264 வெள்ளி பிடித்திருக்கிறார்கள். முதலாளி பங்கு 312. மாதத்துக்கு 576, இரண்டு மாதத்துக்கு 1,152 வெள்ளி வரவேயில்லை. டிசம்பர் சந்தா ஜனவரி 15க்குள் கட்டியிருக்க வேண்டும், ஜனவரி சந்தா போன வாரம். டிசம்பர் கண்டிப்பாகத் தாமதம்.

காப்பி ஆறிப் போனது. 11 வருடம் நான் எடை போட்ட லோரிகளில் ஒரு கிலோ தப்பு வந்தால் மறுநாள் ஆபீசில் நிற்க வைப்பார்கள்.

23 பிப்ரவரி, இரவு 11.00
பென்ஷன் மங்கை

மூடப் போகிற இடத்தில் முதலில் நிற்பது இதுதான். உடனே சுங்கைப் பட்டாணி சேமநிதி ஆபீசில் புகார் கொடு, சம்பளச் சீட்டின் பிரதியோடு. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். தாமதக் கட்டணமும் அந்த நாட்களுக்கான டிவிடெண்டும் முதலாளி தலையில்தான் விழும். கம்பெனி கட்டாவிட்டால் டைரக்டர்களே பொறுப்பு. இதை வேலையில் இருக்கும்போதே செய்துவிடு. வெளியே வந்தபிறகு சீட்டுக் கேட்டால் தர ஆள் இருக்காது.

1 மார்ச், இரவு 8.15
எஸ்.பி. பையன்

அண்ணே, டிவிடெண்ட் வந்துவிட்டது! 2024க்கு 6.30 சதவீதம், சாதாரணக் கணக்குக்கும் ஷரியாவுக்கும் ஒரே விகிதம். 18,400 கிடைத்தால் அப்படியே இ.பி.எஃப்.இல் போட்டுவிடுங்கள். எந்த பாங்கும் இவ்வளவு தராது.

2 மார்ச், காலை 7.10
தராசுக் கிராணி

எனக்கும் அந்த ஆசை வந்தது. முதலாளி நஷ்டஈட்டில் சேமநிதி பிடிக்க மாட்டார், அது சம்பளக் கணக்கில் சேராது. எடுக்காத லீவுக்குத் தரும் காசில் மட்டும் பிடிப்பார்கள். ஆனால் நானே விரும்பிக் கட்டலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி வரைக்கும் விடுகிறார்கள். யோசித்துச் சொல்கிறேன்.

2 மார்ச், காலை 9.30
பென்ஷன் மங்கை

யோசிக்கும்போது ஒன்றை மறக்காதே. போடும் பணமும் மூன்றாகப் பிரியும், நூற்றில் 75 பங்கு ஓய்வுக்கான பெர்சாரான் கணக்கு, 15 செஜாத்ரா, 10 ஃபிளெக்சிபல். 10,000 போட்டால் 7,500 உன் 55 வயது வரைக்கும் உள்ளே இருக்கும். ஃபிளெக்சிபலில் 1,000 மட்டும்தான் நினைத்தபோது எடுக்கலாம். 6.30 என்பது போன வருடம். சட்டம் சாதாரணக் கணக்குக்கு உறுதி தருவது 2.5 சதவீதம்தான். பலவருடமாக அதைவிட நன்றாகத்தான் தருகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன், ஆனால் வேலை இல்லாதவன் கையில் இருக்கும் கடைசிப் பணத்துக்கு அது இடமில்லை.

29 மார்ச், இரவு 9.05
தராசுக் கிராணி

டிசம்பர், ஜனவரி சந்தா இரண்டும் ஏறிவிட்டது. புகார் கொடுத்த பிறகுதான். பிப்ரவரியும் சேர்ந்தே வந்தது.

நஷ்டஈட்டுக்கு, 2013 நியமனக் கடிதம், அந்த வருடத்து சேமநிதி ஆண்டறிக்கை, 2021இல் முதலாளி பெயர் மாறியதைக் காட்டும் இரண்டு சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றையும் பிரதி எடுத்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். தேதியும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

16 ஏப்ரல், இரவு 8.45
தராசுக் கிராணி

7ஆம் தேதி வேலை முடிந்தது. நஷ்டஈட்டை 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 14ஆம் தேதி பாங்கில் 5,100 விழுந்திருந்தது. மறுநாள் காலையில் லேபர் ஆபீசில் புகார் எழுதினேன். காசு எதுவும் கேட்கவில்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. அங்கிருந்த அதிகாரி என் சேமநிதி அறிக்கையில் முதலாளி எண் மாறிய வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லை, அது போதும்" என்றார்.

பெர்கேசோவுக்கும் 9ஆம் தேதியே விண்ணப்பம் போட்டுவிட்டேன். வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம்.

3 மே, மாலை 6.20
தராசுக் கிராணி

மீதி 13,300 நேற்று ஏறியது. விசாரணை தேதி வருவதற்கு முன்பே கம்பெனி கட்டிவிட்டது. ஆபீசர் ஒரு தடவை போன் செய்தார், அவ்வளவுதான்.

மங்கை அக்கா, நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்தப் பணத்தில் உங்கள் வேலைதான் அதிகம். என் மனைவி உங்கள் பேரில் அர்ச்சனை செய்ய நட்சத்திரம் கேட்கிறாள்.

3 மே, இரவு 7.40
பென்ஷன் மங்கை

சுவாதி. வரி பற்றிக் கேட்பாய் என்று நினைக்கிறேன், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10,000 வெள்ளி வரை வேலை இழப்பு நஷ்டஈட்டுக்கு வரி விலக்கு. உனக்கு 11 வருடம், எதுவும் வராது.

10 மே, இரவு 10.00
தராசுக் கிராணி

12ஆம் தேதி புது வேலையில் சேர்கிறேன். பெர்கேசோ கொடுத்ததைச் சொல்கிறேன். எனக்குக் கணக்கில் எடுத்த சம்பளம் 2,450. முதல் மாதம் 80 சதவீதம், 1,960 வெள்ளி. அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 என்று குறைந்துகொண்டே போகும். சீக்கிரம் வேலை கிடைத்ததால் மீதி 4,655இல் கால் பங்கு, 1,163 வெள்ளி 75 சென் ஒரே தவணையாகத் தருவார்களாம். நஷ்டஈடு வாங்கியதற்காக இதைக் குறைக்கவில்லை, இரண்டும் தனித்தனி.

இப்போது 18,400ஐ என்ன செய்வது என்ற பேச்சு. கார் கடனை முடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். மாதம் 486, இன்னும் 14 மாதம், மொத்தம் 6,804. பாங்கில் கேட்டால் இப்போதே முடித்தால் 6,594 என்கிறார்கள். 210 வெள்ளிதான் மிச்சம். வட்டியை முன்னாலேயே வசூலித்துக்கொள்ளும் கணக்காம், முதல் வருடங்களிலேயே பெரும்பகுதி போய்விட்டது. 210 வெள்ளிக்காக 6,594ஐ விடுவதா என்று விட்டுவிட்டேன்.

11 மே, காலை 8.20
கூலிம் ராஜா

இந்தத் தடவை நான் சரி என்று நினைக்கிறேன், பாருங்கள். கடன் மாதாமாதம் குறைகிறது. 14 மாதத்தில் சராசரியாக 3,400 வெள்ளிதான் நிற்கிறது. அதற்கு 210 என்றால் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அதுவும் நிச்சயமானது. அது ஒன்றும் சின்ன வருமானமில்லை.

11 மே, காலை 9.45
தராசுக் கிராணி

ராஜா அண்ணே, கணக்கு சரிதான், நான் 210ஐ மட்டும் பார்த்துவிட்டேன். ஆனாலும் முடிக்கப் போவதில்லை, வேறு காரணத்துக்காக. ஜூன் 30க்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு வாடகையும் தண்ணீரும் இத்தனை வருடம் கொடுத்ததில்லை. பீடோங்கில் பார்த்த வீட்டுக்கு வாடகை 550, முன்பணம் இரண்டு மாதம், மின்சாரத்துக்குத் தனி முன்பணம். புது வேலையில் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் என்னை வேண்டாம் என்றால் இரண்டாவது தடவை பெர்கேசோவில் உடனே நிற்க முடியுமா என்று தெரியாமல் காரை முடிக்க மனம் வரவில்லை.

முடிவு இதுதான். 8,000 வெள்ளி சாதாரண சேமிப்பில், நினைத்தபோது எடுக்கும்படி. 3,000 வீடு மாறும் செலவுக்கு. 4,400 மூன்று மாத பிக்சட் டெபாசிட்டில், வேலை உறுதியானதும் காருக்குப் போடுவதா என்று பார்க்கலாம். 3,000 மட்டும் சேமநிதியில் விரும்பிக் கட்டுகிறேன், மகன் படிப்புக்கு எடுக்கும்போது செஜாத்ராவில் கொஞ்சம் சேரட்டும் என்று. அதைவிட முக்கியமாக, பழைய 11 வருட சேமநிதியை ஒரு வெள்ளி கூடத் தொடவில்லை. தொட வேண்டியதும் இல்லை.

11 மே, மதியம் 12.10
பென்ஷன் மங்கை

3,000 போட்டால் செஜாத்ராவுக்கு 450தான் போகும் தம்பி. படிப்புக்கு என்றால் அது போதாது.

11 மே, மதியம் 12.30
தராசுக் கிராணி

ஆமாம் அக்கா, மூவாயிரத்தில் 2,250 ஓய்வுக்குத்தான் போகிறது. மனைவியும் அதையே சொன்னாள். அந்த 3,000த்தையும் பிக்சட் டெபாசிட்டில் சேர்த்துவிட்டேன். மகன் இப்போது நாலாம் படிவம், படிப்புக்கு இன்னும் இரண்டு வருடத்தில் வேண்டும்.

20 மே, இரவு 8.00
கோப்பேங் சித்தப்பா

55இல் எடுக்காமல் விட்டது 2,140 இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றி. ஏமாஸ் 60 வரைக்கும் இருக்கட்டும்.

14 ஜூன், மாலை 4.50
மூன்றாம் டிவிஷன் அம்மா

பிரதி கிடைத்தது. பேத்தி படித்துச் சொன்னாள். "நல்லெண்ணத் தொகை" என்று ஓரிடத்திலும், "எல்லா உரிமைகளுக்கும் முழுத் தீர்வாக" என்று இன்னோர் இடத்திலும் எழுதியிருக்கிறதாம். எங்களில் 19 பேர் சேர்ந்து லேபர் ஆபீசில் புகார் கொடுத்திருக்கிறோம். ஜூலை 8ஆம் தேதி விசாரணை.

14 ஜூன், மாலை 5.30
பென்ஷன் மங்கை

இரண்டும் இருக்கிறதா? முன்பு மண்டோர் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்பதைக் கேட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். இதில் எது எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. நானும் 8ஆம் தேதி வருகிறேன்.

14 ஜூன், இரவு 7.15
தராசுக் கிராணி

அம்மா, லோரி வாடகைக்குப் பேசியிருக்கிறேன், 28ஆம் தேதி என் சாமான்களை எடுக்கிறேன். உங்கள் வீட்டுச் சாமான்களும் அதிலேயே ஏற்றலாம். பழைய சம்பளச் சீட்டுகள் இருக்கும் பெட்டியை மட்டும் லோரியில் போடாதீர்கள், 8ஆம் தேதி வரைக்கும் கையிலேயே வைத்திருங்கள்.